லீவு முடிஞ்சும் டியூட்டிக்குப் போகலையா? உங்க வேலை எத்தனை நாள் உங்களுக்காகக் காத்திருக்கும்?

"சார், ஊர்லதான் இருக்கேன். அப்பாவுக்கு முடியல. இன்னும் நாலு நாள் ஆகும் சார்."

சூப்பர்வைசருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பிட்டு, ரெண்டு நீல டிக் விழுந்ததும் "பார்த்துட்டாரு, இனி பிரச்னை இல்ல"ன்னு நிம்மதியாகிற ஆட்கள் நம்மில் நிறைய. அவர் பார்த்தது உண்மைதான். ஆனா, லீவு கொடுத்தாரா? நாலு நாள் கழிச்சு கேட்ல ஐடி கார்டைக் காட்டும்போது, "உன் பேரு லிஸ்ட்ல இல்லையேப்பா"ன்னு செக்யூரிட்டி சொன்னா என்ன பண்ணுவீங்க?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இது ரொம்பப் பழக்கமான கதை. டயர் ஆலை, சிமென்ட் ஆலைகள், சர்க்கரை ஆலை, இப்போ புதுசா ஷூ கம்பெனிகள்னு வேலை ஒரு பக்கம் இருக்கு. சின்ன வெங்காயம் அறுவடை, குலதெய்வம் கும்பிடு, தங்கச்சி கல்யாணம்னு ஊர் இன்னொரு பக்கம் இழுக்கும். மூணு நாள் லீவுல போனவர் பதிமூணாவது நாள் திரும்புவார். அந்தப் பதிமூணாவது நாள்ல வேலை இன்னும் அவருடையதுதானா?

இதுக்குச் சட்டத்துல ஒரு பதில் இருக்கு. அது "எட்டு நாள்"னு ஆரம்பிக்கும். ஆனா, எட்டு நாளோட முடிஞ்சிடாது.

லீன்னா என்ன?

ஆங்கிலத்துல 'லீன்'னு ஒரு சொல். தமிழ்ல எளிமையா சொன்னா, ஒரு நிரந்தர வேலையிடத்தின் மேல உங்களுக்கு இருக்கிற பிடி. நீங்க லீவுல இருக்கும்போது அந்த இடத்துல வேற ஒருத்தர் தற்காலிகமா நின்னு வேலை பார்க்கலாம். ஆனா, நீங்க திரும்பி வந்தா அவர் நகரணும். இடம் உங்களுடையது. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். லீவுங்கிறது கம்பெனியே ஒத்துக்கிட்டுப் போட வைத்த துண்டு.

கேள்வி என்னன்னா, அந்தத் துண்டு எவ்வளவு நேரம் செல்லும்?

ஆலைகளுக்கு 'நிலையாணைகள்'னு ஒரு விதித் தொகுப்பு உண்டு. 1946-ல் வந்த தொழிலக வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம்தான் இதுக்கு அடிப்படை. ஷிஃப்ட் நேரம், லீவு, தாமதம், தண்டனை எல்லாத்தையும் எழுதி, அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி, தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ஆலை வாசல் பக்கம் போர்டில் ஒட்டணும்னு அந்தச் சட்டம் சொல்லியது. அந்த போர்டை நின்னு படிச்சவங்க எத்தனை பேர்னு கேட்காதீங்க. பயோமெட்ரிக் வெச்சிட்டு உள்ளே ஓடுறதுக்கே நேரம் சரியா இருக்கு.

தனியா நிலையாணை எழுதாத ஆலைகளுக்காக அரசே ஒரு மாதிரி நிலையாணை வெச்சிருந்தது. லீவு பத்தி மத்திய அரசின் மாதிரி சொல்வது இதுதான்: ஒரு தொழிலாளி தனக்குக் கொடுத்த லீவு, அல்லது பிறகு நீட்டித்துக் கொடுத்த லீவு முடிஞ்ச பிறகும் வராமல் இருந்தால், லீன் போயிடும். லீன் போகாமல் இருக்க ரெண்டு விஷயம் நடக்கணும். லீவு முடிஞ்ச 8 நாளுக்குள் திரும்பணும். ஏன் குறித்த நாளில் வர முடியலைன்னு நிர்வாகம் ஏற்கும்படி விளக்கமும் சொல்லணும்.

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. "எட்டு நாள் வரைக்கும் டைம் இருக்கு"ன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. எட்டு நாள் என்பது சலுகை லீவு கிடையாது. அதுக்குள் வந்தாலும் காரணம் சொல்லியே ஆகணும். ஏழாவது நாள் வந்து நின்னு, "சும்மாதான் சார், ஊர்ல திருவிழா"ன்னு சொன்னா, முதல் நிபந்தனை நிறைவேறும், ரெண்டாவது நிறைவேறாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த மாதிரி விதிப்படி லீன் போனவர் அப்படியே தெருவுக்குப் போறதில்லை. அவரைப் பதிலிப் பட்டியலில் வைக்கணும். பதிலின்னா, நிரந்தர ஆள் வராத நாளில் அவருக்குப் பதிலா வேலைக்குக் கூப்பிடப்படுறவர். அதாவது, மத்தவங்க லீவு எடுத்தா உங்களுக்கு வேலை. துண்டு போய்டுச்சு, ஆனா பஸ்ஸை விட்டு இறக்கிவிடலை, கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கலாம்.

தேதி போட்டு ஒரு கணக்கு

கற்பனையா ஒருத்தரை எடுத்துக்குவோம். பேரு செல்வம். அரியலூர் பக்கம் ஒரு ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. சொந்த ஊர் செட்டிகுளம் பக்கம். வெங்காய அறுவடைக்காக ஜனவரி 5 முதல் 10 வரை லீவு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிட்டார். 11-ம் தேதி டியூட்டிக்கு வரணும்.

9-ம் தேதி அப்பா வண்டியில் இருந்து விழுந்து கால் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. செல்வம் சூப்பர்வைசருக்கு போன் பண்றார். அவர், "சரிப்பா, பார்த்துட்டு வா"ங்கிறார். அவர் மனசார சொன்னார். ஆனா, லீவை நீட்டிக்கிற அதிகாரம் அவருக்கு இருக்கா? பெரும்பாலான ஆலைகளில் அது துறைத் தலைவருக்கோ ஹெச்.ஆருக்கோதான் உண்டு. ஆக, ரெஜிஸ்டரில் 11-ம் தேதி செல்வத்துக்கு எதிரே விழுவது 'ஆப்சென்ட்'.

மாதிரி நிலையாணைப்படி எண்ணினா, 10-ம் தேதி லீவு முடியுது. 8 நாள்னா 18-ம் தேதிக்குள் வரணும். 19-ம் தேதி விடிஞ்சா, லீன் கேள்விக்குறி. அதே மாதிரியில் இன்னொரு விதியும் இருக்கு. லீவு இல்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் அது 'ஒழுங்கீனம்'. 11-ல் இருந்து எண்ணினா 20-ம் தேதியோடு 10 நாள் முடியும். 21-ம் தேதியும் வரலைன்னா ஒழுங்கீனக் கணக்கில் சேர்ந்திடுவார்.

இந்த ரெண்டும் வேற வேற பாதை. முதலாவதில் நிர்வாகம், "நீங்களாவே உங்க இடத்தை விட்டுட்டீங்க"ங்கிறது. ரெண்டாவதில், "நீங்க தப்பு பண்ணிட்டீங்க, தண்டிக்கிறோம்"ங்கிறது. தண்டனைன்னா குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கணும், விளக்கம் கேட்கணும், விசாரணை வைக்கணும். ஆறு மாசம் இழுக்கிற வேலை. முதல் பாதையில் ஒரே ஒரு கடிதம் போதும்னு நிர்வாகங்கள் ரொம்பக் காலமா நினைச்சிட்டு இருந்தன. அப்படி நினைக்க அவங்களுக்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. அது நம்ம ஊர்ல இருந்தே கிளம்பின வழக்கு.

பெரம்பலூர் இல்லை, பெரம்பூர்

சென்னை பெரம்பூரில் பி அண்ட் சி மில்னு ஒண்ணு இருந்தது. பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில். தாத்தா காலத்து ஆட்களிடம் கேட்டா காக்கித் துணி பத்திச் சொல்வாங்க. அந்த மில்லில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி 1957 ஜனவரியில் சில நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனார். லீவு முடிஞ்சும் திரும்பலை. மார்ச் மாதம்தான் மில்லுக்கு அவர் கடிதம் வந்தது. ஊரில் காய்ச்சலில் படுத்துட்டேன்னு சொல்லி, அங்கிருந்த டாக்டரின் சான்றிதழையும் வெச்சிருந்தார்.

மில்லின் நிலையாணை என்ன சொன்னதுன்னா, லீவு இல்லாமல் தொடர்ந்து 8 வேலை நாள் வராதவர், நோட்டீஸ் கொடுக்காமல் தானே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படுவார். நிர்வாகம் திருப்தி அடையும்படி விளக்கம் சொன்னால், அந்த நாள்களைச் சம்பளம் இல்லாத லீவாக மாத்திக்கலாம். நிர்வாகம் திருப்தி அடையலை. பேர் போயிடுச்சு.

இதில் ஒரு சிக்கலான திருப்பம் இருக்கு. அவர் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தவர். அந்த நோய்க் காலத்துக்கு ஈ.எஸ்.ஐ. தரப்பு அவருக்கு உதவித்தொகையும் கொடுத்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு, நோய்க்கால உதவித்தொகை வாங்கும்போது ஒருத்தரை டிஸ்மிஸ் செய்யவோ தண்டிக்கவோ கூடாதுன்னு சொல்லியது. "ஈ.எஸ்.ஐ.யே நான் நோயாளின்னு ஒத்துக்கிட்டதே, அப்புறம் எப்படி என்னை நீக்கலாம்?" என்பது அவர் தரப்பு.

நியாயமாதானே இருக்கு? ஆனா, 1963-ல் உச்ச நீதிமன்றம் மில்லின் பக்கம் தீர்ப்பு சொன்னது. 73-வது பிரிவு தடுப்பது நிர்வாகம் எடுக்கும் தண்டனை நடவடிக்கையை. இங்கே நிர்வாகம் தண்டிக்கவில்லை, நிலையாணையே தானாக வேலை உறவை முடிச்சிடுச்சு என்பது வாதத்தின் சாரம். வேலையை விட்டுட்டாருன்னு சாதாரணமா சுலபத்தில் முடிவுக்கு வர முடியாது, ஆளோட எண்ணத்தைப் பார்க்கணும். ஆனா, இத்தனை நாள் வராவிட்டால் விட்டதாகவே அர்த்தம்னு ரெண்டு தரப்புக்கும் பொருந்துகிற விதி இருக்கும்போது, அந்த விதிதான் பேசும்னு நீதிமன்றம் கருதியது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒண்ணுதான். ஆள் உண்மையிலேயே நோயில் கிடந்தாரா என்ற கேள்வி, கடைசியில் 8 நாள் என்ற எண்ணுக்கு முன்னாடி எடுபடாமல் போச்சு. முப்பது வருஷம் கழிச்சு அந்த உறுத்தலைச் சரி செய்தது இன்னொரு வழக்கு.

கேட்டில் நிறுத்தப்பட்டவர்

ஹரியானாவில் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு கம்பெனி. 1980 டிசம்பர் 3-ல் இருந்து 8 நாளுக்கு மேல் வேலைக்கு வரலை, அதனால் நிலையாணைப்படி தானாகவே வேலை போச்சுன்னு டிசம்பர் 12-ம் தேதி ஒரு தொழிலாளிக்குக் கடிதம் கொடுத்தாங்க. அவர் சொன்னது நேர் எதிர்: "நான் தினமும் வந்தேன். கேட்லயே நிறுத்தி உள்ளே விடலை."

யார் சொல்றது உண்மை? அதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை. அதைத்தான் கம்பெனி வைக்கவே இல்லை. லேபர் கோர்ட், பி அண்ட் சி மில் பாணியில் கம்பெனி பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் 1993 மே மாதம் அதை ரத்து செய்தது. டி.கே.யாதவ் வழக்குன்னு தொழிலாளர் சட்டம் தெரிந்த எல்லோரும் சொல்வது இதைத்தான்.

தீர்ப்பின் மையம் எளிமையானது. ஒருத்தரோட வேலையை எடுப்பது அவரோட வாழ்வாதாரத்தை எடுப்பது. அரசியலமைப்பின் 21-வது பிரிவு காக்கிற வாழ்வுரிமைக்குள் அதுவும் வருது. அதனால், நிலையாணையில் 'தானாக'ன்னு எழுதியிருந்தாலும், அவரைக் கூப்பிட்டு அவர் தரப்பைக் கேட்காமல் நீக்க முடியாது. விதியில் எழுதாவிட்டாலும், கேட்கும் கடமை அதுக்குள் இருப்பதாகவே படிக்கணும்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனா, நிலுவைச் சம்பளத்தில் பாதிதான். தப்பில் அவருக்கும் பங்கு உண்டுன்னு நீதிமன்றம் சொன்னது. 1980-ல் போன வேலை 1993-ல் திரும்புது, அதுவும் பாதிப் பணத்தோடு. ஜெயிச்சதுன்னு சொல்றதா, என்னன்னு சொல்றது?

பெண் வாசகர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இன்னொண்ணு இருக்கு. லக்னோவில் அப்ட்ரான் இந்தியா என்ற நிறுவனத்தில் ஆபரேட்டராக இருந்த பெண், 1984 நவம்பர் முதல் 1985 ஜனவரி 29 வரை பிரசவ லீவில் இருந்தார். அதுக்கப்புறம் லீவு விண்ணப்பம் இல்லாமல் வரலைன்னு சொல்லி, ஏப்ரல் 12-ம் தேதி 'தானாக வேலை முடிந்தது'ன்னு கடிதம் அனுப்பினாங்க. 1998-ல் உச்ச நீதிமன்றம், விளக்கம் கேட்காமல் நிரந்தர ஊழியரைத் தானாக நீக்க வழி செய்யும் அந்த விதியே செல்லாதுன்னு சொன்னது. அந்த விதியில் இருந்த கெடு 10 நாள். கைக்குழந்தையோட அம்மாவுக்குப் பத்து நாள்!

ஆக, செல்வத்துக்கு 19-ம் தேதி என்ன ஆகும்? எட்டு நாள் தாண்டியதால் மட்டும் வேலை போகாது. ஆனா, நிர்வாகம் "ஏன் வரலை, விளக்கம் சொல்லுங்க"ன்னு கேட்கும் உரிமை பெறும். பதில் சரியா இல்லைன்னா, விசாரித்து நடவடிக்கை எடுக்கலாம். எட்டு நாள் என்பது கதவு மூடுற நேரம் இல்லை, மணி அடிக்கிற நேரம்.

வாங்காத கடிதம்

கேட்டுட்டுத்தான் நீக்கணும்னு கோர்ட் சொன்னதும், "அப்போ கடிதத்தையே வாங்காம இருந்துட்டா?"ன்னு சில பேருக்கு யோசனை வரும். போஸ்ட்மேன் வந்தா, "ஆள் இல்லைன்னு சொல்லுமா"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு உள்ளே போய்டுறது. இது ரொம்ப ஆபத்தான ஐடியா.

வங்கி ஊழியர்களுக்கான ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 90 நாள் அல்லது அதுக்கு மேல் வராமல் இருந்தால், வங்கி 30 நாள் கெடு கொடுத்து "வேலைக்கு வாங்க, இல்லைன்னா காரணம் சொல்லுங்க"ன்னு நோட்டீஸ் அனுப்பும். அதுக்கும் பதில் இல்லைன்னா, தானாக ஓய்வு பெற்றதாக வைத்துக்கொள்ளும். சிண்டிகேட் வங்கி ஊழியர் ஒருவருக்கு இப்படிப் பதிவு அஞ்சலில் அனுப்பிய நோட்டீஸ், 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. வழக்கு 2000-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிஞ்சப்போ, ஜெயிச்சது வங்கி. சரியான முகவரிக்கு அனுப்பி, மறுத்ததா குறிப்பு வந்திருந்தால், கொடுத்த மாதிரிதான். விளக்கம் சொல்ல வாய்ப்பு தரப்பட்டது, அவர் பயன்படுத்திக்கலை, அவ்வளவுதான்.

யாதவ் வழக்கையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வித்தியாசம் நாள் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒண்ணுல கம்பெனி கேட்கவே இல்லை. இன்னொண்ணுல கேட்டது, ஊழியர் பதில் சொல்லலை.

இதுல இன்னொரு பழக்கமும் அடிக்கடி காலை வாரும். ஹெச்.ஆர். ஃபைலில் பழைய முகவரி இருக்கும். பெரம்பலூர்ல வாடகை வீடு மாறி ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய் திரும்பிடும். "எனக்கு வரவே இல்லை"ன்னு நீங்க சொன்னா, "நீங்க கொடுத்த முகவரிக்குத்தானே அனுப்பினோம்"னு பதில் வரும்.

அரசு வேலை, கடை வேலை, ஐ.டி. வேலை

அரசு வேலைன்னா பிடி ரொம்பக் கெட்டி. ஜோத்பூர் மத்திய சிறையின் தலைமை வார்டர் ஒருவர் 1950-ல் லீவில் போய், உடம்பு சரியில்லைன்னு நீட்டிக்கொண்டே போனார். லீவு முடிஞ்சு ஒரு மாதம் வராவிட்டால் பதவியைத் தியாகம் செய்ததாகக் கருதணும்னு பணி விதி சொன்னது. 'தியாகம்'! நல்ல வார்த்தைதான். ஆனா, அரசியலமைப்பின் 311-வது பிரிவு இருக்கும்போது, நோட்டீஸ் கொடுத்துக் காரணம் கேட்காமல் அரசு ஊழியரை அப்படி வெளியே அனுப்ப முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் ஜெய்சங்கர் வழக்கில் சொல்லியது. இன்னிக்கும் மத்திய அரசு ஊழியர் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் வராமல் இருந்தால்தான் ராஜினாமா செய்ததாகக் கருதும் விதி இருக்கு. அதுக்கும் முன்னாடி விளக்கம் கேட்கணும். அதுக்காக அஞ்சு வருஷம் சும்மா இருக்கலாம்னு அர்த்தமில்லை. அனுமதி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், ஷோரூம் வேலைகளுக்குப் பெரும்பாலும் நிலையாணை கிடையாது. அங்கே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவு கை கொடுக்கும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனா விசாரிச்சு, அதுக்கு ஆதாரம் பதிவாகியிருக்கணும்.

ஐ.டி., சேல்ஸ் போன்ற வேலைகளில் 'அப்ஸ்காண்டிங்'னு ஒரு மெயில் வரும். அங்கே மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்குத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு இல்லை, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதினதுதான் வேதம். எத்தனை நாள்னு அதில் தேடிப் பாருங்க. பெரும்பாலும் மூணாவது பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு? லீன் என்பதே நிரந்தர இடத்துக்குத்தான். ஆனா, தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு சட்டப்படி, தொழில் நிறுவனத்தில் 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரமாக்கணும். அந்த 480-ஐத் தொட்டவரா நீங்கன்னு எண்ணிப் பார்ப்பது, லீவு சண்டைக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை.

செல்வம் என்ன செய்யணும்?

திரும்பச் செல்வத்துகிட்ட வருவோம். 9-ம் தேதி ஆஸ்பத்திரியில் இருந்தப்பவே, அதாவது லீவு முடியுறதுக்கு முன்னாடியே, நீட்டிப்பு கேட்டு ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பியிருக்கணும். வாட்ஸ்அப் பிரயோஜனமே இல்லைன்னு சொல்லலை. அது நீங்க தெரியப்படுத்தினதுக்கு ஆதாரம். ஆனா, லீவு கொடுத்ததுக்கு ஆதாரம் இல்லை. காரணம், இத்தனாம் தேதி வரைக்கும் வேணும், தொடர்புக்கு எந்த முகவரி, எந்த நம்பர்னு நாலு வரி போதும். கூடவே ஸ்பீடு போஸ்டில் ஒரு காப்பி. பதிவு அஞ்சல்னு தனியா இருந்தது 2025 செப்டம்பர்ல ஸ்பீடு போஸ்டோடயே சேர்ந்துடுச்சு. ரசீதைப் பத்திரமா வெச்சுக்கணும், போன்ல ஒரு படமும் எடுத்துக்கணும்.

மெடிக்கல் சர்டிஃபிகேட்டை, வேலைக்குத் திரும்புற அன்னிக்குக் காலையில் வாங்குவதுதான் நம்ம ஊர் வழக்கம். அதுதான் முதலில் சந்தேகப்படுவாங்க. சேர்ந்த தேதி போட்ட ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் இதெல்லாம் அந்தந்த நாள்லயே உருவான காகிதங்கள். உங்களுக்கே உடம்பு முடியலைன்னா, ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போய் சான்று வாங்குறது வெளி டாக்டர் சான்றைவிடப் பல மடங்கு பலம்.

20-ம் தேதி செல்வம் கேட்டுக்குப் போறார். "உள்ளே விடக் கூடாதுன்னு ஆர்டர்"ங்கிறாங்க. அவர் வீட்டுக்குத் திரும்பி, கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தால், அந்த நாள்களும் 'வரலை' கணக்கில்தான் சேரும். அன்னிக்கே, "இன்று காலை இத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தேன், கேட்டில் அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்"னு மெயிலும் தபாலும் போகணும். யாதவ் 13 வருஷம் நிரூபிக்கப் போராடினது இந்த ஒரு வரியைத்தான்.

அப்படி எழுதுவதற்கு இன்னொரு மதிப்பும் இருக்கு. 'வேலையை விட்டுட்டார்'னு சொல்ல ஆளோட எண்ணம் முக்கியம்னு 1979-ல் ஜி.டி.லாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியது. தற்காலிகமா வராமல் இருப்பது மட்டும் வேலையைக் கைவிடுவது ஆகாது. நீங்க எழுதும் ஒவ்வொரு கடிதமும், "எனக்கு இந்த வேலை வேணும்"ங்கிற எண்ணத்துக்குச் சாட்சி. எதிர் சாட்சியும் உண்டு. லீவுல போய் வேற கம்பெனியில் சேர்ந்து அங்கே பி.எஃப். கணக்கில் பணம் விழ ஆரம்பிச்சா, அல்லது விசா வந்துச்சுன்னு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறினா, "திரும்பி வர்ற எண்ணம் இருந்துச்சு"ன்னு சொல்வது கஷ்டம். வருஷக்கணக்கா ஒரு தகவலும் இல்லாமல் இருந்தாலும், கோர்ட் அதிலிருந்தே எண்ணத்தை ஊகிச்சுக்கும்.

குறிப்பாணை வந்தால் கெடுவுக்குள் பதில் எழுதணும். "மன்னிச்சிடுங்க, இனிமே இப்படி நடக்காது"ன்னு மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்வாங்க. அது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதமா பின்னாடி ஃபைலில் இருந்து எழுந்து வரும். மன்னிப்புக்கு முன்னாடி காரணத்தையும், இணைத்திருக்கும் காகிதங்களையும் எழுதுங்க. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால், ராஜினாமாவா மாறக்கூடிய தாள் அதுன்னு நினைச்சுக்குங்க.

ரெண்டு வருஷம்தான்

2025 நவம்பர் 21-ல் இருந்து தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கு. பழைய நிலையாணைகள் சட்டமும் தொழில் தகராறுகள் சட்டமும் இதுக்குள் கரைஞ்சிடுச்சு. இதில் ரெண்டு மாற்றம் இந்த விஷயத்தை நேரடியாகத் தொடுது.

பழைய சட்டத்தில் 100 தொழிலாளர் இருந்தாலே நிலையாணை கட்டாயம். இப்போ 300 பேர் இருக்கணும். ஏற்கெனவே சான்று பெற்ற நிலையாணைகள், புதுச் சட்டத்துக்கு முரணா இல்லாதவரை தொடரும். ஆனா, புதுசா வர்ற 200 பேர் ஆலையில் எழுதின விதியே இல்லாமல் போகலாம். அங்கே எட்டு நாளா, மூணு நாளான்னு சொல்லப் போறது உங்க கையில் இருக்கிற அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான். ஆர்டரே கையில் இல்லைன்னா, முதல்ல அதைக் கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, வேலை நீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளா தகராறு எழுப்ப முன்பு மூணு வருஷம் இருந்தது. இப்போ ரெண்டு வருஷம். முதல் படி வக்கீல் ஆபீஸ் இல்லை, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். அவரிடம் ஒரு வெள்ளைத்தாள் மனு, நீக்கக் கடிதத்தின் காப்பி, சம்பளச் சீட்டு, நீங்க அனுப்பின மெயில், தபால் ரசீதுகள் போதும். சமரசத்தில் தீரலைன்னா தீர்ப்பாயம் போகலாம்.

நீக்கக் கடிதமே கொடுக்காமல், வாய் வார்த்தையா "வராதே"ன்னு சொல்லி அனுப்புற இடங்கள்தான் அதிகம். அப்போ அந்த ரெண்டு வருஷம் எந்தத் தேதியில் இருந்து ஓடுதுன்னு ஒரு தகராறு வரும். கேட்டில் நிறுத்தின அன்னிக்கே நீங்க அனுப்பின அந்த மெயிலில் இருக்கும் தேதி அங்கேயும் பேசும்.